இரங்கல் தீர்மானம் எழுதறப்போ மினிட் புக்குல என்ன இருக்கணும், என்ன இருக்கக்கூடாது

எங்க வாசகர் சங்கத்துல செயலாளரா இருக்கேன். சின்னதா ஒரு நூலகம் நடத்துறோம், செயற்குழு மாசம் ஒருதடவை கூடும், வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு. பழைய சங்கம்ங்கறதால மூத்த உறுப்பினர்கள் ஒவ்வொருத்தரா மறையறாங்க, அப்பல்லாம் இரங்கல் தீர்மானம் எழுதற வேலை செயலாளர் மேஜைக்குதான் வரும். போன தடவை மறைஞ்சவர் எங்க துணைத் தலைவர், அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் பொருளாளர். அவருக்கு எழுதின தீர்மானம் எப்படி உருவாச்சுன்னு முழுசா சொல்றேன், இதே வேலை கையில வந்து நிக்கிற வேற சங்கத்து செயலாளர்களுக்கு உதவும்னு நம்புறேன்.

முதல்ல ஒண்ணு. இரங்கல் கூட்டத்துல பேசுறது வேற, இரங்கல் தீர்மானம் வேற. பேசுறப்போ மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டலாம், அழலாம், அவர் செல்லமா திட்டினதைக்கூட சொல்லலாம், கேக்கறவங்க எல்லாருமே அவரைத் தெரிஞ்சவங்க. தீர்மானம் அப்படி இல்ல, அது சங்கம்ங்கற அமைப்பு தன்னோட குரல்ல சொல்ற வாக்கியம், கையெழுத்து ஆனதும் அது ஆவணம், முப்பது வருஷம் கழிச்சு அவரை ஒருதடவைகூட பார்த்திராத ஒரு செயலாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். அவருக்கும் புரியணும், அவர் பழைய பதிவேட்டை எடுத்து ஒத்துப் பார்த்தாலும் சரியா இருக்கணும். நான் எழுதறப்போ மனசுல வச்சுக்கறது அந்த ஆளைத்தான்.

துணைத் தலைவர் மறைஞ்ச ரெண்டாவது நாளே எங்க உறுப்பினர் ஒருத்தர், அவரோட நெருங்கின சிநேகிதர், ஒரு வரைவு எழுதி அனுப்பிட்டார். பாசத்துல எழுதினது, படிக்கறப்போ கண்ணு கலங்குச்சு. அது ஏறக்குறைய இப்படி இருந்துச்சு:

"நேர்மையின் சிகரமாகவும் சங்கத்தின் ஆணிவேராகவும் நாற்பது ஆண்டுகள் விளங்கிய எங்கள் துணைத் தலைவர், நீண்ட நாள் நோயுடன் போராடி, எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு இறைவனடி சேர்ந்தார். பத்தாயிரம் நூல்களைத் தன்னந்தனியாக வரிசைப்படுத்திய அவரது இழப்பு ஈடு செய்ய முடியாதது. அவர் வருவதற்கு முன் கணக்கே இல்லாதிருந்த சங்கத்தைச் சீர்படுத்தியவர். அவரது மனைவி, மகன், மகள் ஆகியோருக்கு ஆழ்ந்த இரங்கல். அவர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு வழங்கப்படும். அவரது ஆன்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்."

இந்த வரைவை நான் ஓரமா வைக்கல, இதுலேர்ந்துதான் ஆரம்பிச்சேன். ஒவ்வொரு வரியா எடுத்து, இதுக்கு ஆதாரம் எங்க இருக்குன்னு ஒரு கேள்வி, இதை மினிட் புக்குல ஏத்தினா யாருக்காவது சங்கடமா இருக்குமான்னு இன்னொரு கேள்வி. இந்த ரெண்டு கேள்வி போதும், பாதி வேலை முடிஞ்சிடும்.

நாற்பது ஆண்டுகள்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அவரே கூட விழாக்கள்ல அப்படித்தான் சொல்லுவார். உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பார்த்தா சேர்ந்த வருஷம் 1987. நாற்பதுக்குக் கொஞ்சம் கம்மி. அவரு அதுக்கு முன்னாடியே நூலகத்துக்கு வந்து போயிட்டு இருந்திருக்கலாம், அதைத்தான் சேர்த்துச் சொல்லியிருப்பார், ஆனா சங்கத்தோட புத்தகத்துல சங்கத்தோட பதிவேடு சொல்ற வருஷம்தான் வரணும். "நாற்பது ஆண்டுகள்"ங்கறதை எடுத்துட்டு "1987ஆம் ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்த"ன்னு மாத்தினேன். எத்தனை வருஷம்னு கணக்கு சொல்றதைவிட எந்த வருஷம்னு சொல்றது எப்பவுமே நல்லது, கணக்குல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன ஆகும், வருஷம் ஆகாது.

அடுத்தது பதவிகள். இதுக்கு நான் பண்றது, பழைய மினிட் புக் எல்லாத்தையும் மேஜைல அடுக்கி வச்சுக்கிட்டு பொதுக்குழு தேர்தல் நடந்த பக்கங்களை மட்டும் பார்க்கறது. யாரு எந்தப் பொறுப்புக்குத் தேர்வானாங்கன்னு அதுல இருக்கும். தணிக்கை ஆன வரவு செலவு அறிக்கைல பொருளாளர் கையெழுத்து இருக்கும், அது இன்னொரு சாட்சி. அப்படிப் பார்த்ததுல 1993 முதல் 2005 வரை பொருளாளர், 2005லேர்ந்து மறையற வரைக்கும் துணைத் தலைவர்னு தெளிவாச்சு. நடுவுல ஒரு வருஷம் வேற ஒருத்தர் பொருளாளரா இருந்தாரோன்னு ஒரு சந்தேகம் செயற்குழுல கிளம்புச்சு, அந்த வருஷத்து அறிக்கையை எடுத்துப் பார்த்ததுல கையெழுத்து இவரோடதுதான், மத்தவர் உதவிப் பொருளாளரா இருந்திருக்கார். இப்படி சந்தேகம் வர்றப்போ யார் ஞாபகம் பெருசுன்னு விவாதம் பண்ண வேண்டாம், தாளை எடுத்துக் காட்டினா எல்லாரும் அமைதியாயிடுவாங்க.

பழைய புத்தகங்களைப் புரட்டினதுல கிடைச்ச பெரிய பலன் இதுக்கு அப்புறம்தான். 1998ல நூலகம் புது கட்டடத்துக்கு மாறியிருக்கு. அந்த வருஷத்து ஒரு செயற்குழு பதிவுல, நூல் பதிவேடு பழசாகி எண்கள் குழம்பிப்போயிருந்ததால இவர் ஒவ்வொரு புத்தகமா ஒத்துப் பார்த்து பதிவேடு முழுசையும் புதுசா எழுதி முடிச்சதுக்காக நன்றி சொல்லி ஒரு தீர்மானம் இருக்கு. இப்ப நாங்க தினமும் கைல எடுக்கற பதிவேடு அதுதான். இது எங்க செயற்குழுல பாதி பேருக்குத் தெரியவே தெரியாது. "நேர்மையின் சிகரம்"ங்கற வார்த்தை எந்த மனுஷருக்கும் பொருந்தும், இந்த ஒரு விஷயம் அவருக்கு மட்டும்தான் பொருந்தும். நீண்ட நாள் உழைச்ச ஒருத்தரைப் பத்தி எழுதறப்போ இந்த மாதிரி ஒரே ஒரு காரியம் கிடைச்சாலே போதும், தீர்மானத்துக்கு முதுகெலும்பு வந்துடும், அது கிடைக்கற வரைக்கும் தேடணும்.

"பத்தாயிரம் நூல்கள்" நிக்கல. 1998 முடிவுல பதிவேட்டுல இருக்கற கடைசி எண் அதைவிட ரொம்பக் கம்மி, அதுவும் நடுவுல நீக்கப்பட்ட புத்தகங்கள் இருக்கு. சரியான எண்ணை எண்ணிப் போடலாமான்னு யோசிச்சேன், ஆனா எண்ணிக்கை அங்க ஒண்ணும் கூட்டல, "பதிவேடு முழுவதையும்"னு எழுதினா போதும். "தன்னந்தனியாக"வும் போச்சு, ஏன்னா அதே பழைய பதிவுல உதவி பண்ண ரெண்டு உறுப்பினர்கள் பேரும் இருக்கு, அதுல ஒருத்தர் இன்னும் கூட்டத்துக்கு வர்றார். அவர் எதிர்ல உக்காந்திருக்கறப்போ தன்னந்தனியாகன்னு எப்படி வாசிக்கறது.

அதே மாதிரிதான் "அவர் வருவதற்கு முன் கணக்கே இல்லாதிருந்த"ங்கறதும். ஒருத்தரை உயர்த்தறதுக்கு இன்னொருத்தரைத் தாழ்த்தற வரி இரங்கல் தீர்மானத்துல வரவே கூடாது. அவருக்கு முன்னாடி இருந்த பொருளாளரோட பொண்ணு இப்ப எங்க உறுப்பினர். அதோட அந்த வரி உண்மையும் இல்ல, 1993க்கு முன்னாடி கணக்குப் புத்தகங்கள் இருக்கு, தணிக்கையும் நடந்திருக்கு.

ஆதாரம் எழுத்துல இல்லாத, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. பொருளாளர் பொறுப்பை விட்ட பிறகும், புதுசா வர்ற பொருளாளரை பக்கத்துல உக்கார வச்சு ரசீது வெட்றதுலேர்ந்து வருஷ முடிவுல பேரேடு முடிக்கறது வரைக்கும் அவர் கத்துக்குடுப்பார். இது எந்த மினிட்லயும் இல்ல. இந்த மாதிரி விஷயத்துக்கு நான் வச்சிருக்கற அளவு, நேர்ல பார்த்தவங்க ரெண்டு பேராவது ஆமான்னு சொல்லணும். அவருக்குப் பிறகு பொருளாளரா இருந்த ரெண்டு பேர் செயற்குழுல இருக்காங்க, ரெண்டு பேரும் தனித்தனியா அதையே சொன்னாங்க, அதனால சேர்த்தோம். வேற ஒருத்தர், அவர் யாருக்கும் தெரியாம சில பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டினார்னு சொன்னார். நல்ல விஷயம், உண்மையாவும் இருக்கும், ஆனா அவர் மறைச்சு செஞ்சதை நாம புத்தகத்துல ஏத்தறது அவர் விரும்பின மாதிரி ஆகாது, அந்தப் பிள்ளைங்களுக்கும் சங்கடம். அது பேச்சுல வரட்டும்னு விட்டோம், பேர் சொல்லாம.

இப்ப மறைவைச் சொல்ற வாக்கியம். நம்ம மொழில இதுக்கு ஏகப்பட்ட வழி இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கிட்டு இருக்கு. இறைவனடி சேர்ந்தார்னா ஒண்ணு, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்னா ஒண்ணு, இயற்கை எய்தினார்னா ஒண்ணு. குடும்பத்தார் போடற அறிவிப்புல அவங்க வழக்கப்படி போட்டுக்கட்டும், அதுதான் சரி. சங்கத்துல எல்லா நம்பிக்கையும் உள்ளவங்க இருக்காங்க, எந்த நம்பிக்கையும் இல்லாதவங்களும் இருக்காங்க, புத்தகம் எல்லாருக்கும் பொது. அதனால யாருக்கு எழுதினாலும் ஒரே சொல்லுதான், "காலமானார்". இதை ஒருதடவை செயற்குழுல பேசி வழக்கமாக்கிட்டா ஒவ்வொரு தடவையும் யாரு என்ன மதம்னு யோசிச்சு வார்த்தை தேட வேண்டியது இல்ல, ஒருத்தருக்கு ஒண்ணு இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு வித்தியாசமும் தெரியாது. ஆன்மா சாந்திக்கு வேண்டற வரியும் அதே காரணத்துல வராது, அதுக்கு பதிலா மௌன அஞ்சலி இருக்கு, அந்த நேரத்துல அவங்கவங்க மனசுல அவங்கவங்க பிரார்த்தனை.

நோய் பத்தின வரியை எடுத்துட்டேன். எதனால இறந்தார்ங்கறது குடும்பத்தோட விஷயம், மினிட் புக்குக்கு அது தேவையே இல்ல. ஆனா தேதி தேவை, அதுவும் சரியா. இவர் விஷயத்துல ராத்திரி பன்னிரண்டு மணியைத் தாண்டி இறந்திருக்கார், ஆனா குழுல வந்த மெசேஜ்ல முந்தின நாள் தேதி போட்டு எல்லாரும் அதையே பரப்பிட்டாங்க, பத்தாக்குறைக்கு அடக்கம் நடந்த தேதியும் சேர்ந்து மூணு தேதி ஓடிட்டு இருந்துச்சு. நான் அவரோட மகன்கிட்ட மெதுவா கேட்டேன், தம்பி, அப்பாவோட இறப்புச் சான்றிதழ்ல வர்ற தேதி எது, பேரு எப்படி எழுதியிருக்கு, சங்கத்துப் புத்தகத்துல அதே மாதிரி வரணும்னு. அவருக்கு அது ஒண்ணும் வருத்தமா இல்ல, இவ்வளவு பார்த்துச் செய்யறீங்களேன்னுதான் சொன்னார். பேருக்கும் இது முக்கியம், நாங்க எல்லாரும் கூப்பிட்ட பேரு வேற, பதிவேட்டுல இனிஷியலோட இருக்கற முழுப்பேரு வேற. தீர்மானத்துல முழுப்பேரு.

மனைவி, மகன், மகள்னு பட்டியல் போடறதையும் தவிர்த்துட்டேன். கூட வளர்ந்த தங்கச்சி இருப்பாங்க, வளர்த்த பிள்ளை இருக்கும், பேச்சுவார்த்தை இல்லாம போன ஒருத்தர் இருப்பார், யார் விட்டுப்போனாலும் அந்த வருத்தம் புத்தகத்துல நிரந்தரமா நிக்கும். "குடும்பத்தாருக்கு"ன்னு ஒரே சொல் எல்லாரையும் சேர்த்துக்கும்.

செயற்குழுல ஒரு வாக்குவாதம் வந்துச்சு, அதையும் சொல்லணும். 1998ல கட்டடம் மாத்தறதை அவர் எதிர்த்திருக்கார், கடுமையாவே எதிர்த்திருக்கார், எதிர்ப்பு அந்த மினிட்ல பதிவாகி இருக்கு. முடிவு ஆனதும் அதே மனுஷர்தான் பதிவேடு வேலையைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டார். ஒரு உறுப்பினர், "கருத்து வேறுபாடு இருந்தபோதிலும்"னு ஒரு வார்த்தை சேர்க்கலாமே, அதுதானே அவரோட பெருந்தன்மைன்னு கேட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனா அந்த வேறுபாடு ஏற்கனவே அதுக்குரிய இடத்துல, அதுக்குரிய தேதில பதிவாகி இருக்கு, இரங்கல் தீர்மானத்துல அதை மறுபடி எடுத்தா அவர் பதில் சொல்ல முடியாத நேரத்துல ஒரு குறை சொன்ன மாதிரி குடும்பத்துக்குப் படும். தலைவரும் இதையே சொன்னார், விட்டுட்டோம். இதே அளவுகோலை மறுபக்கமும் வைக்கணும், ஒருத்தர்கிட்ட எல்லாருக்கும் மனத்தாங்கல் இருந்திருந்தா அவரைப் பத்தி இல்லாத புகழ்ச்சியை ஏத்த வேண்டியதில்ல, அவர் செஞ்ச வேலையை மட்டும் வருஷத்தோட எழுதினா போதும், அது பொய்யும் இல்ல, குத்தலும் இல்ல.

இதுக்கு அப்புறம்தான் ரொம்பப் பேர் கவனிக்காத சங்கதி. அவர் பேர்ல வருஷா வருஷம் பரிசுன்னு வரைவுல ஒரு வரி இருந்துச்சே, அதை இரங்கல் தீர்மானத்துக்குள்ள வச்சா என்ன ஆகும்னு யோசிங்க. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க, ஒருமனதா நிறைவேறுது, யாரு அந்த நேரத்துல கை தூக்கி பணம் எங்கேர்ந்து வரும்னு கேப்பாங்க? யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அது செலவு சம்பந்தப்பட்ட முடிவு, தீர்மானம்னு ஆயிட்டா சங்கத்தைக் கட்டுப்படுத்தும், எவ்வளவு தொகை, எந்த நிதிலேர்ந்து, யாரு தேர்வு பண்றதுன்னு ஒண்ணும் இல்லாம ஒரு வாக்குறுதி புத்தகத்துல உக்காந்துடும், அடுத்த வருஷம் அது நடக்கலன்னா அவர் பேருக்குத்தான் இழுக்கு. அதனால பரிசை அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரல்ல தனிப் பொருளா வச்சோம், தொகை, நிதி எல்லாம் பேசி, முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பேரோட முறையா நிறைவேத்தினோம்.

பேங்க் விஷயமும் அப்படித்தான். அவர் சங்கத்து கணக்குல கையெழுத்துப் போடற மூணு பேர்ல ஒருத்தர், அவர் இடத்துல வேற ஒருத்தரை நியமிச்சே ஆகணும், பேங்க்ல அதுக்கு தீர்மானத்தோட நகல் கேப்பாங்க. சில சங்கங்கள்ல "அவர் காலமானதால் வருந்துகிறோம், அவருக்குப் பதிலாக இன்னார் கையெழுத்திட அதிகாரம் வழங்கப்படுகிறது"ன்னு ஒரே மூச்சுல எழுதிடறாங்க, நானே அப்படி ஒரு நகலைப் பார்த்திருக்கேன். குடும்பத்துக்குப் போற நகல்ல பேங்க் கணக்கு எண் இருக்கும், பேங்குக்குப் போற நகல்ல இரங்கல் இருக்கும், ரெண்டுமே சரியில்ல. தனி எண் குடுத்து, அதே கூட்டத்துலயே ஆனா நிகழ்ச்சி நிரலோட கடைசில வச்சுக்கலாம். காலியான துணைத் தலைவர் பதவியை நிரப்பறது அவசரம் இல்ல, பைலால காலக்கெடு ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டு இடைவெளி விட்டு வைக்கறது மரியாதை.

இனி தீர்மானத்தை எழுதறது. மினிட் புக்குல ரெண்டு குரல் இருக்குங்கறதை மனசுல வச்சுக்கணும். தீர்மானத்தோட வாசகம் கூட்டம் தானே பேசற குரல், "இச்செயற்குழு பதிவு செய்கிறது"ன்னு நிகழ்காலத்துல வரும். அதைச் சுத்தி நடந்தது, யாரு வாசிச்சாங்க, எழுந்து நின்னாங்க, யாரு பேசினாங்கங்கறது செயலாளர் எழுதற பதிவு, இறந்தகாலத்துல வரும். ரெண்டையும் கலந்தா வாக்கியம் தடுமாறும். எங்க மினிட் புக்குல கடைசியா ஏறினது இது, பேரும் தேதியும் மட்டும் இங்க எடுத்துட்டேன்:

"தீர்மானம் 1. இரங்கல்.

சங்கத்தின் துணைத் தலைவர் திரு. (முழுப்பெயர்) அவர்கள் (தேதி) அன்று காலமானதை இச்செயற்குழு ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறது.

1987ஆம் ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்த அவர், 1993 முதல் 2005 வரை பொருளாளராகவும், 2005 முதல் மறையும் வரை துணைத் தலைவராகவும் பணியாற்றினார். 1998இல் நூலகம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது நூல் பதிவேடு முழுவதையும் சரிபார்த்துப் புதிதாக எழுதும் பணியை முன்னின்று முடித்தார். அந்தப் பதிவேடே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. பொருளாளர் பொறுப்பை ஒப்படைத்த பின்னரும், அப்பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கணக்கு எழுதும் முறையைப் பொறுமையுடன் கற்றுக்கொடுத்தார்.

அவருடைய உழைப்பை இச்செயற்குழு நன்றியுடன் நினைவுகூர்கிறது. அவரை இழந்து வருந்தும் குடும்பத்தாருக்கு உறுப்பினர்கள் அனைவரின் சார்பிலும் தன் இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.

இத்தீர்மானத்தின் நகலை அவருடைய குடும்பத்தாருக்கு அனுப்புமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது."

அதுக்குக் கீழ, தனிப் பத்தியா, செயலாளரோட பதிவு: "தலைவர் தீர்மானத்தை வாசித்தார். உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உறுப்பினர்கள் நால்வர் அவருடைய பணியை நினைவுகூர்ந்து பேசினர்."

பேச்சு எதையும் விரிவா எழுதல, ஒருத்தர் பேசினதை நாலு வரி எழுதி இன்னொருத்தர் பேசினதை ஒரு வரில முடிச்சா அதுலயே ஏத்த இறக்கம் வந்துடும். முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பேரும் போடல, எங்க வழக்கத்துல இரங்கல் தீர்மானத்தைத் தலைவரே கொண்டுவருவார், எல்லாரும் எழுந்து நிக்கறதே ஒப்புதல். உங்க பைலா முன்மொழிவு கட்டாயம்னு சொன்னா போட்டுக்கோங்க. "பொறுமையுடன்"ங்கற ஒரு அடைமொழி மட்டும் விட்டு வச்சிருக்கேன் பாருங்க, அது அந்த ரெண்டு பொருளாளர்களும் சொன்ன வார்த்தை. மத்தது எல்லாம் போனதுல தீர்மானம் வறண்டு போகலை, வாசிச்சப்போ அந்த பதிவேடு வரில எல்லாரும் தலை நிமிர்ந்து பார்த்தாங்க.

எழுதி முடிச்சதும் கூட்டத்துக்கு முன்னாடி தலைவருக்கும் செயற்குழுவுக்கும் வரைவை அனுப்பிடணும், திருத்தம் எல்லாம் அப்பவே வந்துடணும். எல்லாரும் எழுந்து நிக்கறப்போ இந்த வருஷம் தப்புன்னு யாராவது சொல்ற நிலைமை வரக்கூடாது. ஒருதடவை சத்தமா வாசிச்சும் பார்க்கணும், மூச்சு வாங்கற இடத்துல வாக்கியத்தை உடைக்கணும், மொத்தமா ரெண்டு நிமிஷத்தைத் தாண்டினா நீளம் ஜாஸ்தி.

கூட்டத்துல இதுக்கு இடம், கூட்டம் செல்லறதுக்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, அதாவது கோரம், இருக்குன்னு பதிவு பண்ணி தலைவர் கூட்டத்தைத் தொடங்கினதும், போன கூட்டத்து மினிட்ஸ் உறுதிப்படுத்தறதுக்கும் முன்னாடி. நோட்டீஸ் ஏற்கனவே போயிட்டு நிகழ்ச்சி நிரல்ல இது இல்லன்னாலும், யாரையும் கட்டுப்படுத்தாத, செலவு இல்லாத தீர்மானம்ங்கறதால தலைவர் அனுமதியோட எடுத்துக்கறது பொதுவா வழக்கம். ஆனா கோரம் இல்லாத அன்னிக்கு இதை தீர்மானம்னு எழுதக்கூடாது. ஆறு பேர் வந்தாங்க, அஞ்சலி செலுத்தினாங்கன்னா அதை இரங்கல் கூட்டம்னு பதிவு பண்ணிட்டு, அடுத்த முறையான கூட்டத்துல தீர்மானத்தை நிறைவேத்தலாம். குழுல மெசேஜ் போட்டு எல்லாரும் கை கூப்பினதும் தீர்மானம் ஆகாது.

புத்தகத்துல எழுதறப்போ கை தவறிடுச்சுன்னா வெள்ளை மை தடவ வேண்டாம், சுரண்ட வேண்டாம். ஒரே கோடா அடிச்சு, சரியானதை மேல எழுதி, பக்கத்துல தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பம் போடணும். அடுத்த கூட்டத்துல உறுதியாகி தலைவர் கையெழுத்து விழுந்த பிறகு தப்பு தெரிஞ்சா பழைய பக்கத்தைத் தொடவே கூடாது, திருத்தத்தை அப்ப நடக்கற கூட்டத்துல ஒரு தீர்மானமா ஏத்தணும். இரங்கல் பக்கத்துல இப்படி ஒரு திருத்தம் வர்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கும், பேரையும் தேதியையும் அவ்வளவு வற்புறுத்தினது அதுக்குத்தான்.

குடும்பத்துக்கு அனுப்பற நகல்ல தீர்மானத்தோட வாசகமும் அதுக்குக் கீழ உள்ள பதிவும் மட்டும், அன்னிக்குப் பேசின மத்த பொருள்கள் ஒண்ணும் வேண்டாம். சங்கத்து லெட்டர்ஹெட்ல, கூட்டத்தோட தேதி, தீர்மான எண் போட்டு, கீழ "மெய் நகல்"னு எழுதி செயலாளர் கையெழுத்து, முத்திரை. கூட ஒரு சின்ன கடிதம், மூணு வரி போதும், தீர்மானத்துல உள்ளதையே மறுபடி சொல்ல வேண்டாம். தபால்ல அனுப்பறதைவிட ரெண்டு பேர் நேர்ல போய்க் குடுக்கறது நல்லது, நாங்க தலைவரும் நானும் போனோம், அவரோட மனைவி அந்தப் பதிவேடு வரியைப் படிச்சிட்டு, அந்த நாட்கள்ல அவர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

வருஷ அறிக்கைல மறைந்த உறுப்பினர்கள்னு ஒரு பகுதி வரும், அங்கயும் இதே வாசகத்தைச் சுருக்கித்தான் போடணும், யாரும் புதுசா எழுதக்கூடாது, இல்லன்னா மினிட் புக்குல 1987னும் அறிக்கைல நாற்பது ஆண்டுகள்னும் வந்து நிக்கும். உறுப்பினர் பதிவேட்டுல அவர் பேருக்கு நேரா காலமான தேதியும், இரங்கல் தீர்மானம் இருக்கற மினிட் புக் பக்க எண்ணும் குறிச்சு வச்சிருக்கேன்.